கேமும் சார்ஜரும்: பேட்டரி எங்கே தேய்கிறது?

(பதில் சொல்பவர்: கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்தும் உறுப்பினர்)

கேள்வி: அண்ணா, என் போன் இரண்டு வருடம் பழையது, 5000 எம்.ஏ.எச். பேட்டரி. கேம் திறந்தால் 22 சதவீதத்திலேயே அணைந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகினால் 20 இருப்பதாகக் காட்டுகிறது. தினமும் இரவு மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டபடியே விளையாடுவேன்.

பதில்: தம்பி, அந்த 20 பெரும்பாலும் பொய்யில்லை. மின்சாரம் உள்ளே இருக்கிறது, அதை வேகமாக எடுக்கத்தான் முடியவில்லை. பேட்டரி தேயும்போது கொள்ளளவு குறைவதோடு உள் மின்தடையும் ஏறுகிறது. செய்தி படிக்கும்போது இது தெரியாது. கேம் ஒரே நொடியில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடுகிறது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சார்ஜர் போட்டிருந்தாலும் கேமுக்கான மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்தே போனதாக, அதிகபட்சமாகவே வைத்துக்கொள்வோம். கேம் மணிக்கு 18 சதவீதம் தின்றால் மூன்று மணி நேரத்துக்கு 54. பகல் பயன்பாடு 60 என்று வைத்தால் மொத்தம் 114. 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று, அதாவது ஒரு நாளைக்கு ஒரு முழுச் சுற்றுக்கும் மேல். இரண்டு வருடத்தில் 800 சுற்றைத் தாண்டும். 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களின் பேட்டரி, 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் சுற்று எண்ணிக்கை மட்டும் உங்கள் பேட்டரியை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்காது. எனக்குச் சந்தேகம் சூட்டின் மேல்தான். போனில் USB debugging அமைப்பை இயக்கி, adb கருவி நிறுவிய கணினியில் இணைத்து, விளையாடி முடித்த கையோடு இதைத் தட்டிப் பாருங்கள்:

```
adb shell dumpsys battery
```

அதில் `temperature: 430` என்று வந்தால் 43.0 டிகிரி என்று பொருள்.

கேள்வி (அதே மாணவர்): 441 வந்தது அண்ணா. மெத்தை மேல் வைத்துத்தான் விளையாடினேன். உறையும் போட்டிருந்தேன்.

பதில்: விடை கிடைத்துவிட்டது. மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டு. அது தடிக்கத் தடிக்க, வேலை செய்ய வேண்டிய லித்தியம் அதில் சிக்கிக்கொள்கிறது. சூடும் முழுச் சார்ஜும் இரண்டுமே அந்தப் படலத்தை வளர்ப்பவை. நீங்கள் 100 சதவீதத்தில் நிறுத்திவைத்து, 44 டிகிரியில், மெத்தையில் புதைத்து இரண்டையும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறீர்கள். இனி பேட்டரியை மாற்றுவதுதான் வழி. புதியது போட்டதும் உறையைக் கழற்றிவிட்டு மேசையில் வைத்து விளையாடுங்கள். சார்ஜ் வரம்பை 80-இல் வையுங்கள்.

கேள்வி: வேகச் சார்ஜர் பேட்டரியைக் கொன்றுவிடும் என்பதால் விளையாடும்போது பழைய 5 வாட் சார்ஜரைத்தான் போடுகிறேன். சரிதானே?

பதில்: செய்வது சரி, காரணம் பாதிதான் சரி. இன்றைய போன்களில் சார்ஜர் மின்சாரம் முதலில் போனின் தேவைக்குப் போகும், மிச்சம்தான் பேட்டரிக்கு. கேம் கிட்டத்தட்ட 5 வாட் இழுத்தால் மிச்சமே இராது, பேட்டரி சும்மா கிடக்கும். சார்ஜ் ஏறுவதால் வரும் சூடும் இல்லை. விளையாடாதபோது வேகச் சார்ஜர் எவ்வளவு கெடுக்கும் என்பது போனுக்குப் போன் மாறும்; சூடேறினால் தானாக வேகத்தைக் குறைப்பவையும் உண்டு. கையில் சூடு உறைக்கிறதா என்று பாருங்கள், அதுவே போதுமான அளவுகோல்.

இன்னொரு உறுப்பினர்: ஒன்று விட்டுவிட்டீர்கள். சில சாம்சங் போன்களில் `Pause USB Power Delivery` என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் விளையாடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏறாது, போன் சார்ஜரிலிருந்தே நேராக ஓடும்.

பதில்: ஆமாம், விட்டுவிட்டேன். எல்லாச் சார்ஜரோடும் அது வேலை செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கேமே விளையாடுவதில்லை ஐயா. கடையில் பணம் வந்ததா என்று பார்க்க ஒரு போன், காலை முதல் இரவு வரை சார்ஜரிலேயே இருக்கிறது. மேல் வெயில் படும் இடம். பின்பக்க மூடி கொஞ்சம் தூக்கியிருக்கிறது. அமுக்கினால் உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது.

பதில்: அமுக்காதீர்கள்! உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, போனை அணைத்து, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, இன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். குத்துவதோ நெம்புவதோ கூடாது. கேம் செய்வதை உங்களுக்கு வெயில் செய்திருக்கிறது. மாற்றிய பிறகு நிழலில் வைத்து, 80 வரம்பு போடுங்கள். அந்த வசதி இல்லாத போன் என்றால் மதியம் சில மணி நேரம் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மாதம் ஒரு முறை பூஜ்ஜியம் வரை இறக்கி ஏற்றினால் பேட்டரி பலப்படும் என்று அப்பா சொல்கிறார்.

பதில்: அது அப்பா காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. லித்தியத்துக்கு அதனால் பலம் வராது. சதவீதக் கணக்கு தாறுமாறாகக் காட்டினால் சரிசெய்ய எப்போதாவது உதவலாம், அவ்வளவுதான்.

கேள்வி: சூடான போனை ஐந்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால்?

பதில்: வெளியே எடுத்ததும் ஈரம் கோக்கும். மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். பின்னால் மாட்டும் சிறு விசிறிகள் முதுகைக் குளிர்விக்கின்றன. உள்ளே பேட்டரி வரை எவ்வளவு எட்டுகிறது என்று மேலே சொன்ன கட்டளையைப் போட்டு யாராவது அளந்து சொன்னால் எனக்கும் உதவும்.