கிழமையைக் கேளுங்கள்

“அம்மாவின் முடக்குவாதச் சீட்டில் மெத்தோட்ரெக்சேட் என்ற பெயர் மட்டும் புரிகிறது. மயிலாப்பூரில் மருந்துக்கடைக்காரரிடம் எதை உறுதிசெய்வது?”

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை முதலில் கேளுங்கள். மில்லிகிராம் அளவு அதற்கு அடுத்தது. முடக்குவாதத்துக்கு இம்மருந்தை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே தருவார்கள். தினமும் விழுங்கினால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அவசரக் கையெழுத்தில் 7.5 என்பதன் புள்ளி மறைந்து 75 போலத் தெரியக்கூடும். 2.5 மி.கி. மாத்திரையானால், 7.5 என்பது அந்த ஒரு நாளுக்கு மூன்று மாத்திரைகள்.

உடன் எழுதப்படும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைதான் என்பதால், இரண்டின் உறைகளிலும் கிழமையை எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லாவில் இருப்பவரிடமல்ல, பதிவுபெற்ற மருந்தாளுநரிடம்.

அவரும் ஊகித்துச் சொல்வதாகத் தோன்றினால், சீட்டு எழுதிய மருத்துவரிடம் கேட்கும்வரை மெத்தோட்ரெக்சேட்டைத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தினமும் கொடுத்திருந்தால், வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.