பிரசவத்துக்குப் பின் காய்ச்சல்: பால் கட்டியதா, கர்ப்பப்பைக் கிருமியா?

"தங்கச்சிக்குச் சுகப்பிரசவம் ஆகி நாலு நாள். நேத்து ராத்திரியிலிருந்து குளிரும் காய்ச்சலும், அடிவயிற்று வலியும். பால் கட்டினதுதான், ரெண்டு நாள்ல போயிடும்னு ஆத்தா சொல்றாங்க. காரைக்குடி பக்கம் இருக்கோம். காத்திருக்கலாமா?"

வேண்டாம். இதைப் படித்ததும் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மீதியைப் போகிற வழியில் படிக்கலாம்.

நான் இந்தப் பக்கத்தில் பிரசவ வார்டில் வேலை பார்த்த நர்ஸ். ஆத்தா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாம் நாள், நாலாம் நாள் பால் இறங்கும்போது இரண்டு மார்பும் கல்லாகிக் காய்ச்சல் வரும். ஆனால் அது பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தணிந்துவிடும். பால் கட்டினால் மார்புதான் வலிக்கும், அடிவயிறு வலிக்காது. குளிர் நடுக்கமும் அடிவயிற்று வலியும் சேர்ந்து வந்தால் முதலில் கர்ப்பப்பையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நஞ்சுக்கொடி பிரிந்து வந்த இடம் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் புண்ணாக இருக்கும். ரத்தக் குழாய்கள் திறந்த வாக்கில் கிடக்கும். அங்கே கிருமி ஏறினால் ரத்தத்துக்குப் போக அதிக நேரம் ஆகாது.

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவம். வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள் சாயங்காலம் நடுக்கம். பாராசிட்டமால் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பூண்டுக் குழம்பும் பத்தியமும் வழக்கம்போல. மறுநாள் காலையில் வயிற்றுப்போக்கு. "பிரசவக் காய மருந்து சூடு பண்ணிருச்சு" என்று அதையும் விட்டுவிட்டார்கள். மதியம் கூட்டி வந்தபோது காய்ச்சல் 99.4 தான். கூட வந்த பெரியம்மா, "தீட்டுல வாடைகூட இல்லையே நர்சம்மா, இதுக்கா அட்மிட் பண்ணணும்?" என்று கேட்டார்.

நாடி 128. மூச்சு நிமிஷத்துக்கு 28. பிரஷர் 90/60. பிரசவத்துக்கு மறுநாள் தொப்புள் மட்டத்தில் இருக்கும் கர்ப்பப்பை, அப்புறம் நாளுக்கு ஒரு விரற்கடை இறங்க வேண்டும். இவளுக்கு அது இன்னும் தொப்புள் பக்கத்திலேயே நின்றது. விரல் வைத்ததும் அலறிவிட்டாள். "ஆச்சி, காய்ச்சலை மாத்திரை மறைச்சிருக்கு. நாடியை மறைக்க முடியலை" என்றேன். வீட்டில் யாருக்காவது தொண்டை வலியா என்று டாக்டர் கேட்டார். மூத்த பையனுக்குப் போன வாரம் இருந்ததாம்.

அந்தக் கேள்விக்குக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ். தொண்டையில் சாதாரணமாக வரும் அதே கிருமி, பிரசவித்த உடம்பில் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். இதில் தீட்டு நாறாமலே இருக்கலாம், குறைந்தும் போகலாம். வலி மட்டும் பார்வைக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு இருக்கும். நாற்றம் வருவது பெரும்பாலும் ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளும், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளும் கலந்து வரும்போது. நஞ்சுத் துண்டு உள்ளே தங்கியிருந்தாலோ, பனிக்குடம் உடைந்து வெகு நேரம் கழித்துப் பிரசவம் ஆனாலோ, சிசேரியன் ஆனாலோ அதற்கு வாய்ப்பு அதிகம். ஸ்டாஃபைலோகாக்கஸும் வரும், தையல் புண் வழியாக. ஆக, வாடை இல்லை என்பதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு டிரிப்பும் நரம்பு வழி ஆன்டிபயாடிக்கும் ஏற்றினோம். ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகும், அதுவரை மருந்தைத் தள்ளிப்போட முடியாது. தீவிர செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றால் உறுப்புகள் கெடும் நிலை என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போக வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க பிரஷர் இறங்கி, சிறுநீரகமும் நுரையீரலும் வரிசையாகக் கெடும். அந்தக் கட்டத்தில் மருந்து கிருமியைக் கொன்றாலும் உறுப்பு திரும்புமா என்பது சந்தேகம்தான். பல கிருமிகளுக்கும் சேர்த்து மருந்து கொடுக்கும்போது கிளிண்டாமைசினையும் சேர்ப்பார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விஷம் தயாரிப்பதையே அது தடுக்கும். மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை இந்த வேலைக்கு உதவாது. நேரம்தான் போகும்.

அவளுக்கு ஸ்கேனில் நஞ்சுக்கொடித் துண்டு மிச்சம் இல்லை, கல்ச்சரில் சந்தேகப்பட்ட கிருமியே வந்தது. ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்துப் போனாள். இன்னும் ஒரு இரவு தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

உங்கள் தங்கைக்கு நாடி 110-ஐத் தாண்டினால், மூச்சு வாங்கினால், பிதற்றினால், சிறுநீர் குறைந்தால், உடம்பு சில்லிட்டால் நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று பாதி வழியில் திரும்பாதீர்கள். அங்கே போனதும் முதல் வார்த்தையாக "பிரசவமாகி நாலு நாள்" என்று சொல்லுங்கள், காய்ச்சல் அப்புறம். டிஸ்சார்ஜ் சீட்டையும், கடைசி பாராசிட்டமால் எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் கையில் வைத்திருங்கள். குழந்தையையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அதற்கும் கிருமி போயிருக்கலாம். பால் கொடுப்பதை நீங்களாக நிறுத்த வேண்டாம், அங்கே கேட்டுக்கொள்ளலாம்.