கிரயப் பத்திரம் தொலைந்து, ஆவண எண்ணும் தெரியாவிட்டால் நகல் வாங்குவது எப்படி?

கேள்வி: 1983-ல் அப்பா வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரம் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. ஆவண எண் தெரியாது, பட்டா மட்டும் இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்குமா? அதற்கு முதலில் போலீஸில் புகார் கொடுக்கணுமா?

கிடைக்கும். நகல் வாங்குவதற்குப் புகார் தேவையில்லை. கிரயப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் புத்தகம் என்ற பதிவேட்டில் பதிவாகின்றன. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, அந்தப் புத்தகத்தில் உள்ள ஆவணத்துக்குக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் சான்றிட்ட நகல் கேட்கலாம். அப்பா பெயரில் இருக்கும் பத்திரத்துக்கு நீங்களே மனு போடலாம்.

உங்கள் உண்மையான சிக்கல் ஆவண எண்தான். எந்த அலுவலகம், எந்த ஆண்டு, எந்த எண் என்ற மூன்றும் தெரிந்தால்தான் நகல் மனு நகரும். அதற்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் 1975 முதலான வில்லங்க விவரம் இருப்பதால் 1983 அதற்குள் வந்துவிடும்.

இங்கேதான் பலர் தடுக்கி நிற்கிறார்கள். என் பெரியப்பாவின் நிலத்துக்கு இப்படித்தான் ஆனது. பட்டாவில் இருந்த புல எண் 214/5பி. அதைப் போட்டுத் தேடினால் ஒரு பதிவும் இல்லை என்று வந்தது. காரணம், பத்திரம் எழுதியபோது இருந்த எண் வேறு. எண்பதுகளில் நடந்த யூ.டி.ஆர். நில அளவையில் பல ஊர்களில் புல எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பட்டாவில் இருப்பது புது எண். பதிவு அலுவலக அட்டவணையில் இருப்பது பத்திரத்தில் எழுதியிருந்த பழைய எண். கிராம நிர்வாக அலுவலரிடம், ஊரின் நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பழைய புல எண்ணுக்கென்று தனிப் பத்தி இருக்கும். எங்களுக்கு அதில் 214/2 என்று இருந்தது. அதைப் போட்டதும் எழுதிக் கொடுத்தவர் பெயர், எழுதி வாங்கியவர் பெயர், ஆவண எண் எல்லாம் வந்துவிட்டது.

அப்படியும் வரவில்லையென்றால், பக்கத்து நிலத்துக்காரரிடம் அவருடைய பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஆள் ஒரே நாளில் நாலைந்து பேருக்கு விற்றிருந்தால் ஆவண எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். அலுவலகத்தில் பெயர்வாரி அட்டவணையும் உண்டு. அப்பா பெயரையும் ஆண்டையும் கொடுத்து அதில் தேடச் சொல்லலாம். இன்னொன்று, உங்கள் கிராமம் பிற்பாடு புது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் பத்திரம் அன்றைக்குப் பதிவான பழைய அலுவலகத்தின் பெயரிலும் எண்ணிலும்தான் தேட வேண்டும்.

வில்லங்கச் சான்று கையில் வந்ததும் கிரயப் பதிவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். கடைசி வரை படியுங்கள். உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்று ஒரு பதிவு இருந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகாமல் இருந்தால் அசல் பத்திரம் வங்கியில் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் யாரோ எப்போதோ கடன் வாங்கியதை மற்றவர்கள் மறந்திருப்பார்கள். தொலைந்தது என்று புகார் எழுதுவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்வது மிக அவசியம்.

எண் கிடைத்தபின் வேலை எளிது. அதே தளத்தில் கணக்குத் தொடங்கி, சான்றிட்ட நகலுக்கான பகுதியில் அலுவலகம், ஆண்டு, ஆவண எண் கொடுத்துக் கட்டணம் கட்டலாம். இல்லையென்றால் நேரில் மனு கொடுக்கலாம்.

வரும் நகல் நீங்கள் நினைத்த மாதிரி இருக்காது. பழைய காலத்தில் பத்திரத்தைப் பார்த்துப் புத்தகத்தில் கையால் நகலெடுத்து எழுதினார்கள். அப்படிப்பட்ட நகலில் எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து இருக்காது, அந்த இடத்தில் (ஒப்பம்) என்றும் பெயரும் எழுதியிருக்கும். போலி என்று பயப்பட வேண்டாம். ஆனால் சொத்து விவரத்தை வரிவரியாகச் சரிபாருங்கள்: புல எண், பரப்பு, நான்கெல்லை. கையால் எழுதியதில் ஓர் எண் மாறியிருந்தாலும் பிற்பாடு தலைவலி. சந்தேகம் இருந்தால் நகலெடுத்தவர் தவறா, புத்தகத்திலேயே அப்படித்தானா என்று அலுவலகத்தில் புத்தகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு இந்த நகல் நீதிமன்றத்திலும் சாட்சியமாக நிற்கும். ஆனால் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போனால், அசல் எங்கே என்று வாங்குபவரும் வங்கியும் கண்டிப்பாகக் கேட்பார்கள். அப்போதுதான் போலீஸ் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம் எல்லாம் வேண்டும். புகாரில் ஆவண எண்ணையும் பதிவு தேதியையும் குறிப்பிட வேண்டியிருக்கும், அதனால் நகலை வாங்கிய பிறகே காவல் நிலையத்துக்குப் போங்கள்.