பெயரை எடுத்தபின்னும் ஆள் ஏன் தெரிகிறார்?

தோட்ட மருந்தகப் பதிவேட்டில் பெயர்களை நீக்கிவிட்டு ஆய்வுக்குக் கொடுத்தால் போதாதா?

போதாது. பெயருக்குப் பதில் இலக்கமிட்டு, எது யாருடையது என்ற பட்டியலைத் தனியே வைத்திருப்பது புனைபெயராக்கம். அது செக்ரோல் இலக்கம் போன்றது, செக்ரோல் கையில் உள்ளவருக்கு ஆளைத் தெரிந்துவிடும். எஞ்சிய விவரங்களைப் பிற பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தாலும் ஆளைக் கண்டறிய முடியாதபடி செய்வதே அடையாளநீக்கம்.

மேற்பிரிவு, பெண், பிறந்த திகதி, காசநோய் என்று ஒரு வரி இருந்தால், அந்தத் திகதியைத் தொழிலாளர் பட்டியலோடு பொருத்துபவருக்குப் பெரும்பாலும் ஒருவரே மிஞ்சுவார். பக்கத்து லயத்தாருக்கோ பட்டியலே வேண்டாம். திகதியைப் பத்தாண்டு வயதுத் தொகுதியாகவும் பிரிவை மாவட்டமாகவும் மாற்றினால் அவர் பலருள் ஒருவராகிறார், ஆனால் அத்தொகுதியில் எல்லோருக்கும் காசநோய் என்றால் அவருடைய நோய் அப்போதும் வெளிப்பட்டுவிடும்.

இலக்கப் பட்டியலை அழித்தாலே அடையாளம் நீங்கிவிடும் என்று பலர் கருதுவது தவறு; திகதியும் பிரிவும் இருக்கும்வரை அந்த வரி அவரையே சுட்டும்.