பார்வைகள் சந்திக்கும் கோணம்

கேள்வி: என் மகள் பிறப்பதற்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். ஒரு கல்யாணப் படத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கமாகத் திரும்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதில் என் நான்கு வயது மகளைச் சேர்த்து, தாத்தாவும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்ப்பது போலச் செய்ய முயல்கிறேன். எங்கே வைத்தாலும் இருவரும் வேறு எங்கோ பார்க்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் கருவிழியை மட்டும் நகர்த்தினால் சரியாகுமா?

பதில்:

ஆகாது. கருவிழி கடைசியில் தொட வேண்டிய இடம். ஸ்டூடியோவில் இந்த மாதிரி வேலை அடிக்கடி வரும். கொண்டுவருபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே படத்தை இடம் வலமாக நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். சிக்கல் இடம் வலத்தில் இல்லை, முன் பின்னில் இருக்கிறது.

உங்கள் அப்பாவின் தலைக்கு மேலே, கூரையிலிருந்து கீழே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தாளில் வரையுங்கள். அப்பாவுக்கு ஒரு புள்ளி, கேமராவுக்கு ஒரு புள்ளி. அப்பா கேமராவையே பார்த்திருந்தால் அவருடைய பார்வையின் கோணம் 0 பாகை. முழுப் பக்கவாட்டில் பார்த்திருந்தால் 90. கல்யாணப் படங்களில் பக்கத்திலிருப்பவரோடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் 45-க்கும் 70-க்கும் நடுவில் எங்காவது இருப்பார்கள். அதாவது அவருடைய பார்வை பக்கவாட்டில் மட்டும் போகவில்லை, கேமராவை நோக்கி முன்னாலும் வருகிறது. நீங்கள் மகளை அவருக்கு நேர் பக்கத்தில், அதே ஆழத்தில் வைத்தால் பார்வை அவளுக்கு முன்னால் காற்றில் போய்விடும். அவளும் அதேபோல முக்கால் முகம் காட்டித் திரும்பியிருந்தால் இருவர் பார்வையும் அவர்களுக்கு முன்னால் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். இருவரும் "வேறு எங்கோ" பார்ப்பதாக உங்களுக்குத் தோன்றுவது அந்த இடத்தைத்தான்.

இதற்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று போதும். தாளில் மகளுக்கும் ஒரு புள்ளி வைத்து மூன்றையும் சேர்த்தால் ஒரு முக்கோணம் வரும். அதன் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180. ஆகவே, இருவர் பார்வையும் உண்மையிலேயே சந்திக்க வேண்டுமானால், அப்பாவின் பார்வைக் கோணத்தையும் மகளின் பார்வைக் கோணத்தையும் கூட்டினால் 180-க்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். எவ்வளவு குறைவு என்றால், கேமராவிலிருந்து பார்க்கும்போது இருவருக்கும் இடையே விரியும் கோணத்தின் அளவு. முகங்கள் 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்து, 4 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படமானால் அந்த விரிவு ஏறத்தாழ 9 பாகை. கூட்டுத்தொகை 171. ஒன்றரை மீட்டரிலிருந்து செல்பேசியில் எடுத்ததானால் விரிவு 23 பாகைக்கு அருகில் போகும். கூட்டுத்தொகை 157 ஆகிவிடும். கிட்டத்திலிருந்து எடுத்த படங்களில் முழுப் பக்கவாட்டுக்குத் திரும்பாமலே இரண்டு பேர் பார்த்துக்கொள்வது இயல்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அடுத்து அப்பாவின் கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் தலை. கொஞ்சம் திரும்பினாலே தூரத்துக் காது மறைந்துவிடும். மூக்கு நுனி தூரத்துக் கன்னத்தின் விளிம்பைத் தொடும்போது சுமார் 45 பாகை. தூரத்துக் கண் கரைந்து இமைமயிர் மட்டும் எட்டிப் பார்த்தால் 60-ஐத் தாண்டிவிட்டது. மூக்கின் நீளமும் கன்னமும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். அப்பாவின் முகவெட்டுள்ள ஒரு சித்தப்பாவோ அண்ணனோ இருந்தால் உட்காரவைத்துத் தலையை மெல்லத் திருப்பச் சொல்லி, படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு கண். மனிதர்கள் ஒருவரைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்புவதில்லை. மிச்சத்தைக் கண் முடித்துக்கொள்ளும். வெள்ளை விழி ஒரு பக்கம் மட்டும் நிறையத் தெரிந்தால் தலைக் கோணத்தோடு இன்னும் 10, 15 பாகை சேர்த்துக்கொள்ளலாம்.

தலை 45, கண் 15 என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் பார்வை 60. 4 மீட்டர் படமானால் மகளுக்கு மீதி இருப்பது 111. இது 90-ஐத் தாண்டிய கோணம் என்பதைக் கவனியுங்கள். அவள் அப்பாவைவிடக் கேமராவுக்குச் சற்று அருகில் நின்று, நமக்குக் கொஞ்சம் முதுகைக் காட்டி, உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். நமக்குத் தெரிவது அவளுடைய கன்னமும் காதும் ஜடையும், இமையின் நுனியும்தான். பெற்றோர்கள் இங்கேதான் தயங்குவார்கள். குழந்தையின் முகம் முழுதாகத் தெரிய வேண்டும் என்பார்கள். அவருடைய 60 பாகைப் பார்வையையும் முழுதாகத் தெரியும் பேத்தி முகத்தையும் சேர்த்துக் கேட்டால், ஒருவரையொருவர் பார்ப்பது நடக்காது.

செல்பேசியில் இருக்கும் படங்களில் 111 பாகையில் திரும்பிய மகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அப்பாவின் படத்தை மாற்ற முடியாது, மகளை நாளைக்கே படமெடுக்கலாம். இந்த வேலையில் பாதிச் சிரமம் இதை மறந்துவிடுவதால் வருவது.

எடுப்பதற்கு முன் கேமராவின் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். கல்யாணப் படத்தில் மேடை விளிம்பு, மேசை, நாற்காலி வரிசை என்று இணையாக ஓடும் கோடுகள் இருக்கும். அவற்றை நீட்டினால் சந்திக்கும் மட்டம்தான் கேமரா இருந்த உயரம். அந்த மட்டம் அப்பாவின் தலைக்குச் சற்று மேலே போனால் கேமரா தரையிலிருந்து 130, 140 சென்டிமீட்டரில் இருந்தது என்று கொள்ளலாம். வீட்டில் அதே மாதிரி நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, கேமராவை அந்த உயரத்தில், ஏறத்தாழ அந்தத் தூரத்தில் நிறுத்துங்கள். 4 மீட்டர் படத்தில் தூரம் ஒரு மீட்டர் பிசகினால் கூட்டுத்தொகை இரண்டு மூன்று பாகைதான் மாறும், கவலை வேண்டாம். உட்கார்ந்தவரை அப்பாவைப் போலவே தலையையும் கண்ணையும் திருப்பச் சொல்லுங்கள். அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே மகளை நிறுத்தி அவரோடு பேசவிடுங்கள். கோணம் தானாக வந்துவிடும். அப்பாவின் முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ, ஜன்னலும் அந்தப் பக்கமே இருக்கட்டும். சேர்க்கும்போது உட்கார்ந்தவரின் தலையை அப்பாவின் தலைமேல் பாதித் தெளிவில் வைத்து அளவைப் பொருத்திவிட்டால், மகளின் அளவும் இடமும் அதோடு சேர்ந்து சரியாகும். இதைச் செய்யாமல் கண்ணளவில் அளவு வைப்பவர்கள் குழந்தையின் தலையை அநியாயத்துக்குச் சிறிதாக்கிவிடுகிறார்கள். நான்கு வயதில் தலைச் சுற்றளவு 50 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். பெரியவருக்கே 56, 57தான்.

மேல் கீழுக்கும் இதே விதிதான். உட்கார்ந்த பெரியவரின் கண் தரையிலிருந்து சுமார் 115 சென்டிமீட்டர், நிற்கும் நான்கு வயதுக் குழந்தையின் கண் 90-ஐ ஒட்டி. 25 சென்டிமீட்டர் வித்தியாசத்தை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் கடக்க, பார்வை 22, 23 பாகை சாய வேண்டும். அவர் அவ்வளவு கீழே பார்க்க வேண்டும், அவள் அவ்வளவு மேலே பார்க்க வேண்டும். படத்தில் அப்பா கீழே பார்க்கவில்லை, நேர் மட்டத்தில் பார்க்கிறார் என்றால் மகளை ஒரு முக்காலியில் ஏற்றிவிடுங்கள். கால்கள் சட்டத்துக்குள் வர வேண்டியதில்லை. மட்டத்தைக் காது காட்டிக்கொடுக்கும். தலை நேராக இருந்தால் காதின் மேல் நுனி புருவ மட்டத்துக்கு அருகில் இருக்கும். தலை குனிந்தால் காது மேலேறும், நிமிர்ந்தால் கீழிறங்கும். கேமரா மேலிருந்து பார்த்தாலும் காது மேலேறும், அதனால்தான் உயரத்தை முதலில் சரிசெய்யச் சொன்னேன்.

இனி நீங்கள் கேட்ட கருவிழி. கண் கேமராவுக்கு ஏறக்குறைய நேராக இருக்கும்போது, பார்வை 10 பாகை திரும்பினால் கருவிழி தன் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு நகரும். உங்கள் படத்தில் கருவிழி 20 பிக்சல் அகலமென்றால் மூன்று பிக்சல். அதற்குமேல் நகர்த்தினால் திருட்டு விழி வந்துவிடும். அதில் தெரியும் ஒளிப்புள்ளியைக் கருவிழியோடு சேர்த்து இழுக்காமல் இருந்த இடத்திலேயே விடுங்கள். அது விளக்கின் பிரதிபலிப்பு, கண் திரும்பும்போது கருவிழி அளவுக்கு நகராது. 60 பாகைக்குத் திரும்பிய கண்ணில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கருவிழி நகர்வதைவிட நீள்வட்டமாக ஒடுங்குவதுதான் அதிகம். மேல் கீழாக நகர்த்தவே வேண்டாம், மேல் இமையும் கூடவே ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

அப்பாவின் வேறொரு படத்திலிருந்து கண்களை எடுத்து ஒட்டும் எண்ணமும் வரும். 1824-இல் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி ராயல் சொசைட்டியில் ஓவியங்களோடு இதைக் காட்டினார். அதே கண்களை அப்படியே வைத்துக்கொண்டு, மூக்கும் முகமும் வேறு பக்கம் திரும்பிய முகத்தில் பொருத்தினால், அவை வேறு திசையில் பார்ப்பதாகத் தோன்றும். பார்வையைக் கண்ணிலிருந்து மட்டும் நாம் படிப்பதில்லை, மூக்கிலிருந்தும் படிக்கிறோம். தலை அதே கோணத்தில் இருக்கும் படமாக இல்லாவிட்டால் ஒட்டிய கண் உதவாது. அப்பாவை இடம் வலமாகப் புரட்டவும் வேண்டாம். சட்டைப் பையும் வகிடும் இடம் மாறும்; முகமே கொஞ்சம் அந்நியமாகும், அதை முதலில் கண்டுபிடிப்பவர் உங்கள் அம்மாவாக இருப்பார்.

முடித்ததும், விஷயம் தெரியாத ஒருவரிடம் படத்தைச் சிறிதாக்கிக் காட்டி "இவர் எதைப் பார்க்கிறார்?" என்று மட்டும் கேளுங்கள். "சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் சரி என்றே சொல்வார்கள். "குழந்தைக்குப் பின்னால் யாரையோ" என்று பதில் வந்தால் மகளைச் சற்றுப் பின்னே கொண்டுபோக வேண்டும். "குழந்தைக்கு முன்னால் எதையோ" என்றால் சற்று முன்னே கொண்டுவர வேண்டும். நகர்த்துவதற்கு முன், மேலிருந்து வரைந்த தாளில் எந்தப் பார்வை விலகுகிறது என்று பாருங்கள்.

மகளின் முகம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. இருவரையும் முக்கால் முகமாகவே விட்டுவிட்டு, பார்வைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு பொருளை வையுங்கள்: அவள் கையில் நீட்டிப் பிடித்த ஒரு பொம்மையோ, திறந்த புத்தகமோ. இருவரும் ஒன்றைச் சேர்ந்து பார்ப்பார்கள். அப்பா கேமராவையே பார்க்கும் படம் மட்டும்தான் இருக்கிறது என்றால், அவர் பார்வையை மகள் பக்கம் திருப்பப் பார்க்காதீர்கள். கேமராவைப் பார்த்த கண் எங்கே நகர்த்திவைத்தாலும் பார்ப்பவரையே பார்க்கும். அவர் நம்மைப் பார்க்கட்டும், பேத்தி பக்கவாட்டில் நின்று அவரைப் பார்க்கட்டும். ஒரு பார்வை மட்டும் சரியாக இருந்தால் போதும் என்பதால் அதைச் செய்வதும் எளிது.