தையல் போட்ட வயிறும் சிரிப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நண்பர் ஒருவருக்குக் குடல் அடைப்பு ஏற்பட்டு, சென்ற வாரம் வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். குடலில் ஒரு பகுதியை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரவில்லை. நாங்கள் நால்வரும் முப்பது வருடமாகக் கேலி பேசியே வளர்ந்தவர்கள். முதல் நாள் போய் வழக்கம்போலப் பேசியதில் அவர் சிரித்துவிட்டு, வலியில் துடித்துப்போனார். "தயவுசெய்து சிரிக்க வைக்காதீர்கள்" என்றார் அவர் மனைவி. மறுநாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "நான் செத்துவிட்டேனா, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று அவரே கேட்டுவிட்டார். ஞாயிறன்று வார்டிலேயே சால்வை போர்த்தி ஒரு பொய்யான பாராட்டு விழா நடத்தலாம் என்பது எங்கள் திட்டம். செய்யலாமா?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

வயிற்றின் நடுவே வெட்டித் தைத்தவருக்குச் சிரிப்பு என்பது முதலில் ஒரு தசை வேலை. வாய்விட்டுச் சிரிக்கும்போது வயிற்றுத் தசைகள் அடுத்தடுத்து இறுகி, தையலைப் பிடித்து இழுக்கின்றன. இருமினாலும் இதேதான். அதனால்தான் பிசியோதெரபி செய்ய வருபவர் ஒரு சிறிய தலையணையைக் கொடுத்து, இருமும்போது காயத்தின்மேல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். சிரிப்புக்கும் அந்தத் தலையணை உதவும். நீங்கள் போனதும் அது அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். வலி திடீரென்று கூடினாலோ, கட்டு நனைந்திருந்தாலோ, வயிறு உப்பினாலோ பேச்சை நிறுத்திவிட்டு உடனே சிஸ்டரை அழையுங்கள்.

வலியைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. நோயாளி பல நேரம் நமக்காகச் சிரிக்கிறார். பஸ் பிடித்து வந்திருக்கிறார்களே, ஏதோ சொல்கிறார்களே என்று உதட்டை விரிக்கிறார். முகமலர்ச்சியும் அவருக்கு ஒரு வேலைதான், அதற்கும் தெம்பு செலவாகிறது. இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. சிரிப்பு ஒரு நொடி தாமதித்து வரும். பதில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். கை வயிற்றுக்குப் போகும், முழங்கால் சற்று மடங்கும், கண் ஜன்னல் பக்கம் திரும்பும். இவற்றில் இரண்டைப் பார்த்துவிட்டால் நகைச்சுவை முடிந்தது, எழுந்துவிடலாம். "களைப்பாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இல்லை இல்லை" என்றுதான் நம் ஊரில் யாரும் சொல்வார்கள். "நாங்கள் டீ குடித்துவிட்டு வருகிறோம்" என்று கிளம்புவது மேல்.

1986-ல் நியூயார்க்கில் மைக்கேல் கிறிஸ்டென்சன் என்ற சர்க்கஸ் கோமாளி, குழந்தைகள் மருத்துவமனைகளில் கோமாளிகள் முறையாகப் பணிபுரியும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பிறகு பல நாடுகளில் அது பரவியது. இந்தக் கோமாளிகள் அறை வாசலிலேயே நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று குழந்தை சொன்னால் போய்விடுவார்கள். மருந்து, ஊசி, ஸ்கேன் என எதையும் மறுக்க முடியாத இடத்தில், அந்தக் குழந்தை மறுக்கக்கூடியது கோமாளியை மட்டும்தான். பெரும்பாலும் இரண்டு பேராக வருவார்கள். ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவார்கள், ஏமாறுவார்கள். குழந்தை சும்மா படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

உங்களுக்கு நான் சொல்லவிரும்புவது இந்த இரண்டாவது உத்தியைத்தான். நால்வரும் போகவேண்டாம், இருவர் போங்கள். அவரைக் கேலி செய்யாமல், அவரிடம் கதையும் கேட்காமல், உங்களுக்குள் சச்சரவு செய்யுங்கள். வரும் வழியில் ஆட்டோக்காரரிடம் யார் ஏமாந்தது, ஆப்பிள் வாங்கியது யார், சாப்பிடக்கூடாதவருக்கு எதற்கு ஆப்பிள் என்று மெல்லிய குரலில் நடக்கட்டும். தீர்ப்பு சொல்லவேண்டும் என்று தோன்றினால் அவர் சொல்வார், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வார். மூடினாலும் கேட்டுக்கொண்டிருப்பார். குரலை ஏன் அடக்கச் சொல்கிறேன் என்றால், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் வயிற்றில் தையல் இருக்கலாம்.

அவருடைய உடம்பைப் பற்றிய நகைச்சுவைக்கு உரிமையாளர் அவர். வயிற்று அறுவை சிகிச்சை முடிந்த வார்டில் அதற்குப் பஞ்சமில்லை. குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். அது மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கு ஓர் அடையாளம் வாயு பிரிவது. அதனால் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் "காற்று பிரிந்ததா?" என்று கேட்கிறார். மனைவி கேட்கிறார், மாமனார் போனில் கேட்கிறார். வாழ்நாள் முழுக்க அடக்கி வைக்கச் சொன்ன குடும்பம், கைகூப்பிக் காத்திருக்கிறது. இதை அவர் தொடங்கினால் நீங்கள் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். அவர் தொடங்காதவரை அது அவருக்கு வெறும் அவமானமாகக்கூட இருக்கலாம். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியும் அப்படித்தான். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் நுரையீரலில் சளி தங்கும் என்பதற்காகத் தருவது அது. மூன்றாவது பந்தை நீங்கள் ஊதித்தான் தூக்கவேண்டும் என்று நினைத்து முழித்தால் அவருக்கு வேடிக்கை. அது உறிஞ்சவேண்டிய கருவி. ஆனால் அவருடைய கருவியில் வாய் வைக்காதீர்கள், தொற்று வரும். பாவனை போதும்.

நேரத்தை அவர் மனைவியிடம் கேட்டு வையுங்கள். வலிக்கான டிரிப் ஏறி அரைமணி கழிந்தபின் போனால் ஓரளவு தெளிவாக இருப்பார். கட்டு மாற்றிய உடனேயோ, நடக்கவைத்துக் கொண்டுவந்த உடனேயோ போகாதீர்கள். பதினைந்து நிமிடம் தாராளம். மற்ற இருவரும் குரல்பதிவு அனுப்பலாம், "பதில் போடாதே" என்று முதலிலேயே சொல்லிவிட்டு.

பாராட்டு விழா இந்த ஞாயிறு வேண்டாம். சால்வை போர்த்த உட்காரவேண்டும், உட்கார யாராவது தூக்கிவிடவேண்டும், எல்லோர் முன்னும் அந்த டியூப்களோடு மேடையேறவேண்டும். வீட்டுக்கு வந்து, தானாக எழுந்து வாசலுக்கு வரும்போது நடத்துங்கள். நினைவுப் பரிசு குத்துவிளக்காக இருக்கவேண்டாம். ஆறு வாரமாவது கனமான எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள்.

அடுத்தது பயாப்ஸி. உங்களைப் போன்ற கூட்டத்துக்கு இதுதான் கஷ்டம். ஒரு மாலையில் அவர், "அதில் என்ன வருமோ தெரியவில்லை" என்பார். "உன்னைப் பார்த்தால் எமனே கும்பகோணம் பக்கம் வரமாட்டான்" என்று உங்களில் ஒருவர் நாக்கு நுனியில் வைத்திருப்பார். சொன்னால் அவர் சிரிக்கவும் செய்வார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை உங்களிடம் எடுக்கமாட்டார், இரவில் தனியாக வைத்துக்கொள்வார். "பயமாகத்தான் இருக்கும். முடிவு என்றைக்கு வருமாம்?" என்று கேளுங்கள். அவர் பேசுகிறவரை பேசட்டும். அவரே திரும்பி, "அதற்குள் நீ வாங்கிய கடனைக் கொடுத்துவிடு" என்று ஏதாவது சொல்லக்கூடும். அப்போது சிரிக்கலாம், தலையணையோடு.

அவர் மனைவி எத்தனை நாளாகப் பெஞ்சில் படுத்துத் தூங்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இருவர் அவரோடு இருக்கும்போது, மூன்றாமவர் அந்த அம்மாவை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்கி எழுந்தபின் திரும்ப அழைத்து வரலாம். நான்காமவர் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவரட்டும், டாக்டர் அனுமதித்திருந்தால்.