பச்சை வெளிச்சமும் பொய்த் துடிப்பும்

ஸ்மார்ட் வாட்ச்சின் இதயத் துடிப்புக் கணக்கு பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டே இடங்களிலிருந்து வந்தவை. ஒன்று ஜிம், இன்னொன்று குளிர். அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தரையில் கிடக்கும் பாரை இடுப்பு வரை தூக்கும் டெட்லிஃப்டில், 100 கிலோ வைத்து 5 ரெப் எடுக்கிறேன். தூக்குவதற்கு முன் வாட்ச் 94 காட்டுகிறது. தூக்கிக்கொண்டிருக்கும்போது 88 ஆகக் குறைகிறது. பாரைக் கீழே வைத்து அரை நிமிடம் கழித்து, நான் சும்மா நிற்கும்போது 141 என்கிறது. தூக்கும்போது குறைந்து ஓய்வில் ஏறுமா இதயம்? (கோவை)

இதயம் அப்படிச் செய்யாது, வாட்ச்தான் செய்யும். ஏன் என்று புரிய, உங்கள் மணிக்கட்டின் அடியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வாட்ச்சின் முதுகில் மின்னும் பச்சை எல்.இ.டி. தோலுக்குள் வெளிச்சம் பாய்ச்சுகிறது. அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் போகும். அங்கே சிதறித் திரும்பி வரும் வெளிச்சத்தைப் பக்கத்தில் இருக்கும் ஒளி உணரி அளக்கிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சையை நன்றாக விழுங்கும். இதயம் ஒருமுறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தோலின் நுண்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பும் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அடுத்த கணம் பழையபடி ஆகும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு. 1930களில் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் விரல்களில் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்ததும் இதே தத்துவத்தில்தான்.

இதில் 'கொஞ்சம்' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும். திரும்பி வரும் வெளிச்சம் 1000 பங்கு என்று வையுங்கள். துடிப்பால் அதில் மாறுவது 10 பங்கு இருந்தாலே நல்ல சிக்னல். மீதி 990 பங்கும் தோல், திசு, துடிப்போடு மாறாத ரத்தம் ஆகியவற்றிலிருந்து வருபவை. வாட்ச் தோலை விட்டு ஒரு மயிரிழை விலகினாலும் இந்த 990 பங்கில் ஏற்படும் ஆட்டம் அந்த 10 பங்கை மூழ்கடித்துவிடும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கும்போது பக்கத்து ஆளின் கைக்கடிகார டிக் டிக்கைக் கேட்க முயல்வது போல.

இப்போது உங்கள் டெட்லிஃப்டுக்கு வருவோம். பாரை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டு வழியாகத்தான் விரலுக்குப் போகின்றன. பிடி இறுகும்போது நாண்கள் புடைத்து, தோலுக்கும் வாட்ச்சுக்கும் உள்ள இடைவெளியை மாற்றுகின்றன. அதோடு, சுருங்கிய தசை தன்னுள் ஓடும் ரத்தக்குழாய்களையும் நெருக்குவதால் கைக்கு வரும் ரத்த ஓட்டமே மாறுகிறது. ஆக அந்த 10 பங்கு சிறுத்துவிட்டது, 990 பங்கு ஆடுகிறது.

ஓடும்போதும் கை ஆடத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அங்கே வாட்ச்சுக்கு ஒரு துணை உண்டு. கையசைவை அளக்கும் சென்சார் ஒன்று உள்ளே இருக்கிறது. 'இந்த ஆட்டம் கையால் வந்தது' என்று அது சொல்ல, மென்பொருள் அதைக் கழித்துவிடும். பாரைப் பிடித்து நிற்கும்போது கை பெரிதாக அசைவதில்லை, உள்ளே தசை மட்டும் இறுகுகிறது. அசைவு சென்சாருக்கு இது தெரியவே தெரியாது. கழிக்க எதுவும் கிடைக்காது.

அடுத்தது தாமதம். திரையில் தெரியும் எண் இந்த நொடியின் துடிப்பு அல்ல, கடைசிச் சில நொடிகளின் சராசரி. சிக்னல் கெட்டுப்போனால் பல வாட்ச்சுகள் பழைய எண்ணையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் செட் முழுவதும் 25 நொடிதான் இருக்கும். எனவே அந்த 88 பழைய எண்ணாகவோ இரைச்சலில் தேடிப் பிடித்த எண்ணாகவோ இருக்கலாம். பாரை வைத்ததும் பிடி தளர்கிறது, தடைபட்ட ரத்தம் திரும்பப் பாய்கிறது, சிக்னல் தெளிகிறது. அப்போது வாட்ச் உண்மையைப் பிடிக்கிறது.

சோதித்துப் பாருங்கள். பாரை வைத்த உடனே, வாட்ச் கட்டாத கையின் நாடியையோ கழுத்தின் ஒரு பக்கத்தையோ மெல்லத் தொட்டு 15 நொடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். 36 துடிப்பு வந்தால் 144. வாட்ச் அந்த எண்ணுக்கு எத்தனை நொடி கழித்து வந்து சேர்கிறது என்று பாருங்கள், அதுதான் அதன் தாமதம். மூன்று செட்டில் செய்தால் உங்கள் வாட்ச்சின் குணம் பிடிபட்டுவிடும்.

தீர்வு வேண்டுமானால், வாட்ச்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். விரல் மரத்துப்போகும் அளவுக்கு வேண்டாம். இதனால் கொஞ்சம் தேறும், முழுக்கத் தேறாது. மேல்கையில் கட்டும் ஒளிப் பட்டை இன்னும் நன்றாக வேலை செய்யும், அங்கே சதை அதிகம், நாண்களின் தொல்லை குறைவு. இதயத்தின் மின்சாரத்தையே அளக்கும் மார்புப் பட்டைக்கு உங்கள் பிடி பற்றிய கவலையே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெயிட் தூக்குவதன் கடுமையைத் துடிப்பை வைத்து அளப்பதே எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 1985இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், கால்களால் பெரும் எடையைத் தள்ளியவர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் செருகி ரத்த அழுத்தம் அளந்தார்கள். சராசரி 320/250 வரை போனது. மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது உடல் படும் பாடு அழுத்தத்தில்தான் தெரிகிறது. துடிப்பு எண் அதில் கால்வாசிக் கதையைக்கூடச் சொல்லாது.

என் நண்பன் வாட்ச்சை வாழைப்பழத்தில் கட்டினான். 77 காட்டியது! அப்படியானால் எல்லாமே ஏமாற்றா? (மதுரை)

ஏமாற்று இல்லை, பழக்கதோஷம். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் தாளம் எது என்று தேடுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. பழமும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மேசை அதிர்வு, அறை விளக்கு, மின்சுற்றின் இரைச்சல் என்று ஏதோ ஒன்றில் நிமிடத்துக்கு 77 என்று ஒரு தாளம் தட்டுப்பட்டால் அதை எடுத்துக்கொள்ளும். 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லக் கற்ற வாட்ச் கோடு மட்டும் போடும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வாட்ச்.

இந்தத் தாளம் தேடும் குணத்தை மனதில் வையுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

ஊட்டியில் வேலை. ஜனவரியில் காலை 6 மணிக்கு, 5 டிகிரியில் மெதுவோட்டம் போகிறேன். முதல் நிமிடத்திலேயே 168 வந்து அப்படியே நிற்கிறது. 11 நிமிடம் கழித்துச் சட்டென்று 139க்கு விழுகிறது. மூச்சு வாங்கவே இல்லை. இதயத்தில் ஏதாவது கோளாறா? (உதகை)

நீங்கள் எழுதியதிலிருந்தே ஒரு சந்தேகம் வருகிறது. வாட்ச்சின் செயலியைத் திறந்து, அதே ஓட்டத்தின் 'நிமிடத்துக்கு எத்தனை அடி' வரைபடத்தைப் பாருங்கள். அங்கேயும் 168 அருகில் இருந்தால், வாட்ச் எண்ணியது உங்கள் காலை.

குளிரில் உடல் வெப்பத்தைக் காக்கப் பார்க்கும். தோலின் சிறு தமனிகளைச் சுருக்கி, ரத்தத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். விரல் வெளுத்துப்போவது அதனால்தான். மேலே சொன்ன 10 பங்கு இப்போது 3, 2 என்று சுருங்கிவிடுகிறது. பச்சை வெளிச்சம் எட்டுவதோ சரியாக அந்தச் சுருங்கிய பகுதியை மட்டும். அதே நேரம் ஒவ்வோர் அடியிலும் கை குலுங்கி, திசுவும் ரத்தமும் சிறிது ததும்புகின்றன. அந்தத் தாளம் நிமிடத்துக்கு 168. ஓடுபவரின் துடிப்பும் அந்த எல்லையில் இருக்கக்கூடியதுதான் என்பதால் மென்பொருளுக்கு இரண்டையும் பிரிப்பது கடினம். அசைவு சென்சார் உதவ முயலும், ஆனால் கழித்த பிறகு மிஞ்ச ஏதாவது இருக்க வேண்டுமே! வலுவான தாளத்தை, அதாவது காலடியைப் பிடித்துக்கொள்கிறது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் உடம்பு சூடாகிறது, இனி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று தோலின் குழாய்கள் திறக்கின்றன, துடிப்பின் சிக்னல் பெரிதாகிறது. வாட்ச் விழித்துக்கொண்டு 139க்குத் தாவுகிறது. கோட்டின் வடிவமே காட்டிக்கொடுக்கும். மெதுவோட்டத்தில் உண்மையான துடிப்பு முதல் சில நிமிடங்களில் படிப்படியாக ஏறும். முதல் நிமிடத்திலேயே மேசை போலத் தட்டையாக நின்று, ஓட்டம் மாறாமலே பாறைவிளிம்பு போல விழாது.

ஓடும்போதே உறுதிசெய்ய ஒரு வழி: வேகத்தைக் கூட்டாமல் அரை நிமிடம் குட்டிக் குட்டி அடியாக, அடிக்கடி வைத்து ஓடுங்கள். எண் உடனே 180 பக்கம் போனால் அது கால்தான். அல்லது சட்டென்று நில்லுங்கள். இதயம் இறங்கச் சற்று நேரம் எடுக்கும். மூன்று நான்கு நொடியில் முப்பது குறைந்தால் அதுவும் கால்தான்.

வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் கைகால் உதறிச் சூடேற்றிவிட்டு, வாட்ச்சைக் கட்டி, அதன் மேல் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்வெட்டரின் மேல் வாட்ச்சைக் கட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன், அது கம்பளியின் துடிப்பை அளக்கும். குளிரில் மணிக்கட்டு சிறிது மெலிவதால் பட்டையை ஒரு துளை இறுக்கவும்.

கழுத்தில் எண்ணியும் 168 வந்தாலோ, படபடப்பு, தலைசுற்றல், நெஞ்சு அழுத்தம் இருந்தாலோ இந்த விளக்கத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் இசிஜி எடுங்கள்.

டொராண்டோவில் இருக்கிறேன். குளிரில் வாட்ச் சரிப்படாது என்று மார்புப் பட்டை வாங்கினேன். வெளியே போனால் முதல் ஐந்து நிமிடம் அதுவும் 210, 220 என்று குதிக்கிறது!

இது வேறு வியாதி. மார்புப் பட்டைக்கு ரத்த ஓட்டம் தேவையில்லை, ஆனால் ஈரம் தேவை. தோலுக்கும் மின்முனைக்கும் நடுவே வியர்வைதான் கம்பி. கனடாவின் குளிர்காலக் காற்று வறண்டது, வியர்வை வரத் தாமதமாகும், போதாததற்கு நைலான் சட்டை உரசி நிலைமின்சாரம் உண்டாக்கும். ஒவ்வொரு பொறியையும் துடிப்பென்று எண்ணிவிடுகிறது. கட்டுமுன் மின்முனைகளைத் தண்ணீரில் நனையுங்கள், இசிஜி ஜெல் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டிய பருத்தி பனியன் போட்டாலும் குதிப்பு குறையும்.

கறுப்புத் தோலுக்கும் பச்சை குத்திய கைக்கும் இந்த சென்சார் வேலை செய்யாதாமே? (யாழ்ப்பாணம்)

இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். தோலின் மெலனினும் பச்சை வெளிச்சத்தை விழுங்கும், உண்மைதான். அதற்கு ஈடாக வாட்ச் எல்.இ.டி.யின் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. குளிரோ குலுக்கலோ சேரும்போதுதான் சிக்னலின் கையிருப்பு குறைவாக இருப்பது தெரியும். பச்சை குத்திய மை வேறு ரகம். அடர்ந்த மை வெளிச்சத்தை ஏறக்குறைய முழுவதுமாகவே தடுத்துவிடும், சில வாட்ச்சுகள் கையில் கட்டவே இல்லை என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். மற்ற கையில் கட்டிக்கொள்ளுங்கள். அதிலும் குத்தியிருந்தால் மேல்கைப் பட்டை.